கவிதைக்குள் எந்த வழியாக நுழைவது: மையக்கருத்தா, பின்னணியா, குரலா?

இலக்கிய வகுப்பில் ஒரு கவிதையைக் கொடுத்து ஆழ்ந்து வாசிக்கச் சொன்னால் மாணவர்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றில்தான் தொடங்குகிறார்கள். சிலர் மையக்கருத்தை முதலில் எழுதிவிடுவார்கள். சிலர் திணை, துறை, காலம் என்று பின்னணியிலிருந்து வருவார்கள். மிகச் சிலரே பேசுவது யார் என்று கேட்டுத் தொடங்குவார்கள். மூன்றையும் ஒரே பாட்டில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

மையக்கருத்தில் தொடங்குபவர் 'தலைவியின் துயரம்' என்று எழுதுவார். தவறில்லை. ஆனால் அந்த வரியைக் குறுந்தொகையின் இன்னும் எத்தனையோ பாடல்களுக்கும் அப்படியே போடலாம். எழுதிய மையக்கருத்து பக்கத்துப் பாட்டுக்கும் பொருந்துகிறதென்றால் இந்தப் பாட்டை இன்னும் வாசிக்கவில்லை என்றுதான் பொருள். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

பின்னணியில் தொடங்குவது அதைவிட வலுவானது. குறிஞ்சித் திணை, திருமணத்தைத் தலைவன் தள்ளிப்போட்டுக்கொண்டே போக, தலைவி தோழியிடம் சொன்னது என்கிறது துறைக்குறிப்பு. இது தெரியாமல் வாசித்தால் 'மணந்த ஞான்றே' என்பதைக் கல்யாண நாள் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கல்யாணம் நடக்கவே இல்லை. அது இருவரும் களவில் கூடிய பொழுது. ஊரறிய நடந்த சடங்கென்றால் 'யாரும் இல்லை' என்ற முதற்சொல்லே நிற்காது. ஆக, பின்னணி ஒரு பெரும் பிழையைத் தடுக்கிறது. குறையும் அங்கேதான் இருக்கிறது: விடை முன்கூட்டியே கிடைத்துவிடுவதால் கண் பாட்டின் மேல் நிற்பதில்லை. 'தோழி' என்ற விளி இந்த ஐந்து அடிகளில் எங்குமே இல்லை, கேட்பவர் தோழி என்பது துறைக்குறிப்பு தந்த செய்தி, என்பதைக்கூடப் பலர் கவனிப்பதில்லை.

குரலில் தொடங்கினால் பென்சிலோடு உட்கார வேண்டும். 'தான்' மூன்று முறை வருகிறது, மூன்றும் அவனைக் குறிப்பவை. 'யான்' ஒரே ஒரு முறை. அதுவும் 'என்ன செய்வேன்' என்ற கேள்வியோடு. நடந்ததற்கெல்லாம் எழுவாய் அவனாக இருக்க, அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி மட்டும். அவன் இன்னும் பொய் சொல்லிவிடவில்லை என்பதும் முக்கியம். 'பொய்ப்பின்' என்பது நிபந்தனை, 'பொய்த்தால்'. எனவே இது கைவிடப்பட்டவளின் புலம்பல் இல்லை. கைவிடப்பட்டால் சாட்சிக்கு யார் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவளின் குரல்.

இந்தக் குரலைப் பிடித்த பிறகு படிமத்துக்குப் போனால் குருகு வெறும் இயற்கை வருணனையாக இருக்காது. 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள் 'குருகும் உண்டு' என்று முடிக்கிறாள். இருந்த ஒரே சாட்சி ஒரு பறவை. அதன் கண்ணும் ஓடுகிற நீரில் ஆரல் மீனின் மேல் இருந்தது. அதனால் பேசவும் முடியாது, அது பார்க்கவும் இல்லை. ஆனால் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். கால் தினைத்தாள் போல மெலிந்து பசுமையாக இருந்தது வரை நினைவில் இருக்கிறது. ஐந்து அடிகளில் ஏறக்குறைய பாதி இந்தப் பறவைக்கே போயிருப்பதை நான் பாட்டின் உயிராகக் கருதுகிறேன்: அந்தப் பொழுதை உண்மையில் பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான், அவள் சொல் செல்லுமா என்பதுதான் அவள் அச்சம். மையக்கருத்தை இப்போது எழுதலாம். 'சாட்சியில்லாத வாக்குறுதியின் அச்சம்' என்பது பக்கத்துப் பாட்டுக்கு எளிதில் பொருந்தாது.

ஆகவே என் தேர்வு குரல், படிமம், பிறகு பின்னணி, கடைசியில் மையக்கருத்து. துறைக்குறிப்பைப் பின்னால் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதைப் புலவர் எழுதவில்லை, பின்னர் தொகுத்தோர் சேர்த்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நம் வாசிப்பைச் சரிபார்க்க அது உதவும். வாசிப்புக்குப் பதிலாக நிற்காது.

ஆனால் எல்லாப் பாட்டுக்கும் இந்த வரிசை செல்லாது. பாரி மகளிர் பாடிய புறநானூறு 112ஐ எடுங்கள். 'வென்றெறி முரசின் வேந்தர்எம் குன்றும் கொண்டார்' என்பதைப் பின்னணி இல்லாமல் வாசித்தால், பகை அரசரின் வெற்றியை ஒப்புக்கொள்ளும் தொடராகவே கேட்கும். மூவேந்தரும் சேர்ந்து ஒரு குறுநில மன்னனை வஞ்சித்துக் கொன்றார்கள் என்று தெரிந்த பிறகே அதில் உள்ள இகழ்ச்சி காதில் விழுகிறது. பழைய உரையும் அதை இகழ்ச்சிக் குறிப்பு என்றே சொல்கிறது. அங்கே குரலே பின்னணிக்குள் இருப்பதால் வரலாற்றை முதலில் படித்துவிட்டுத்தான் பாட்டுக்கு வர வேண்டும்.