கழிவுநீர் அளவா, பரிசோதனை எண்ணிக்கையா?

கோவிட் அலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அறியச் சுகாதாரத் துறைக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு: பரிசோதனை எண்ணிக்கை, கழிவுநீரில் உள்ள வைரஸின் அளவு. பரிசோதனை எண்ணிக்கை, சோதனைக்கு வந்தவர்களை மட்டுமே கணக்கில் கொள்ளும். வீட்டிலேயே சோதித்துக்கொள்பவர்களும் அறிகுறியே இல்லாதவர்களும் விடுபடுவார்கள். கழிவுநீரில் அவர்களும் அடக்கம். மலத்தில் வெளியேறும் வைரஸின் மரபணுத் துணுக்குகளை பி.சி.ஆர். முறையில் அளக்கிறார்கள்.

ஆனால் அந்த அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு வாரம் லிட்டருக்கு வைரஸ் மரபணுவின் 80,000 பிரதிகள், மறுவாரம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். தொற்று பாதியாகிவிட்டதா? இடையில் பெய்த கனமழை சாக்கடையில் கலந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க, மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸையும் சேர்த்து அளப்பார்கள். உணவு வழியே வந்து மனித மலத்தில் எப்போதும் ஏராளமாக இருப்பது அது. அதுவும் பாதியாகியிருந்தால் தொற்று குறையவில்லை, மாதிரிதான் நீர்த்துப்போயிருக்கிறது.

எத்தனை பேருக்குத் தொற்று என்ற கேள்விக்குக் கழிவுநீர் பதில் சொல்லாது. வெளியேறும் வைரஸின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். சிலருக்குக் குணமான பிறகும் வாரக்கணக்கில் தொடரும். எந்த வயதினருக்கு, எவ்வளவு கடுமையாக என்பதெல்லாம் மருத்துவமனைப் பதிவேட்டில்தான் கிடைக்கும். செப்டிக் டேங்க் வைத்திருக்கும் வீடுகளோ பாதாளச் சாக்கடை மாதிரிக்குள் வருவதே இல்லை.

போக்கை அறிய நான் கழிவுநீரையே முதலில் பார்ப்பேன்; அதுவும் மூன்று நான்கு மாதிரிகள் தொடர்ந்து ஒரே திசையில் போகின்றனவா என்று. படுக்கைகளை ஒதுக்க மருத்துவமனைச் சேர்க்கை எண்ணிக்கைதான் வேண்டும்.