"முதல் ஓடருக்கு மட்டும்" என்று சொல்லிப் போட்டுத் தந்த கழிவுக் குறியீடு: கிளிநொச்சியிலிருந்து ஓர் எச்சரிக்கை

வன்னியில் இணையத்தளம் மூலம் பொருள் விற்கும் சிறு கடைக்காரர்கள் பொருட்டு இதை எழுதுகிறேன். ஒடியல் மா, பனாட்டு, காட்டுத்தேன், முல்லைத்தீவுக் கருவாடு ஆகியவற்றை விற்கும் எங்கள் கடைக்கு இணையத்தளம் அமைத்துத் தந்த நிறுவனத்திடம், தைப்பொங்கலை ஒட்டிப் புதிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 500 ரூபா கழிக்கும் குறியீடு ஒன்றை அமைத்துத் தருமாறு கேட்டோம். "முதல் ஓடருக்கு மட்டும், ஒருவருக்கு ஒருமுறை, 15ஆம் திகதி வரை" என்ற மூன்று நிபந்தனைகளையும் எழுத்தில் கொடுத்தோம். அவர்களுடைய பற்றுச்சீட்டிலும் அந்த மூன்றும் எழுதப்பட்டிருந்தன. ஆனால் தளத்தினுள் அவற்றில் ஒன்றுகூடச் சரியாக அமைக்கப்படவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை; இதே வேலையை இதே விதமாகச் செய்து கொடுப்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள்.

எங்கள் தளம் வேர்ட்பிரஸ்ஸின் மேல் இயங்கும் வூகொமர்ஸ் என்ற கடை மென்பொருளில் அமைந்தது. அதில் கழிவுக் குறியீட்டை உருவாக்கும் பக்கத்தில் `Usage limit per coupon`, `Usage limit per user` என்று இரண்டு பெட்டிகள் உண்டு. முதலாவது, அந்தக் குறியீட்டை எல்லாருமாகச் சேர்ந்து எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பது; இரண்டாவது, ஒருவர் எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பது. நிறுவனத்தார் இரண்டாவது பெட்டியில் 1 என்று இட்டுவிட்டு, அதையே "முதல் ஓடர் நிபந்தனை" என்று எங்களிடம் ஒப்படைத்தார்கள். அது முதல் ஓடர் நிபந்தனையே அல்ல. எங்களிடம் இரண்டு வருடங்களாகத் தேன் வாங்கிவரும் ஒருவர் இந்தக் குறியீட்டை இதற்கு முன் பயன்படுத்தியிருக்க மாட்டார் அல்லவா? ஆகவே அவருக்கும் அது ஒருமுறை செல்லும். பழைய வாடிக்கையாளர்கள் பலர் அப்படியே எடுத்தார்கள். அவர்கள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, தளம் அனுமதித்ததைத்தான் அவர்கள் செய்தார்கள். ஒருவர் முன்பு எதையேனும் வாங்கியிருக்கிறாரா என்று பழைய ஓடர்களைத் தேடிப் பார்க்கும் வசதி வூகொமர்ஸின் அடிப்படைப் பதிப்பில் கழிவுக் குறியீட்டோடு சேர்ந்து வருவதில்லை. அதைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும், அல்லது அதற்கான செருகுநிரலை நிறுவ வேண்டும்.

பெரிய இழப்பு வேறு வழியாக வந்தது. கணக்குத் திறக்காமலே ஓடர் கொடுக்க எங்கள் தளம் அனுமதிக்கிறது. அப்படி வருபவரை வூகொமர்ஸ் அவர் தரும் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே அடையாளம் காண்கிறது. தொலைபேசி இலக்கத்தையோ வீட்டு முகவரியையோ அது பார்ப்பதில்லை. ஜிமெயில் முகவரியில் இடையில் புள்ளி வைத்தாலும், பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டு எதையேனும் எழுதினாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே `peyar@gmail.com`, `p.eyar@gmail.com`, `peyar+1@gmail.com` என்ற மூன்றும் கூகுளுக்கு ஒரே ஆள்; எங்கள் கடைக்கோ மூன்று புதிய வாடிக்கையாளர்கள். சரிபார்ப்புக் கடிதம் எதுவும் அனுப்பப்படாத தளத்தில் இந்த வித்தைகூடத் தேவையில்லை. இல்லாத முகவரி ஒன்றை எழுதினாலும் ஓடர் பதிவாகிவிடும்.

இதை நன்கு அறிந்த ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். அரைக் கிலோ ஒடியல் மாப் பைக்கற்று ஒன்று எங்கள் தளத்தில் 650 ரூபா. மாவை இடித்துத் தரும் பெண்களுக்கான கொடுப்பனவும் பொதியிடும் செலவும் சேர்ந்து எங்களுக்கு 480 ரூபா முடிகிறது. குறியீட்டுக்குக் குறைந்தபட்சக் கொள்வனவுத் தொகை எதுவும் வைக்கப்படாததால், ஒரே ஒரு பைக்கற்றுக்கும் 500 ரூபா கழிந்து, விலை 150 ஆகியது. பைக்கற்று ஒன்றுக்கு 330 ரூபா கைநட்டம். கூரியர் கட்டணம் ஒவ்வோர் ஓடருக்கும் விழுந்திருந்தால் அவருக்கு இது கட்டுப்படியாகாது. அவர் "கடையில் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்ற தெரிவைப் பயன்படுத்தினார். பெயர்களும் மின்னஞ்சல்களும் வேறு வேறு, தொலைபேசி இலக்கம் மட்டும் ஒன்றே. ஆனால் அந்த ஒரே இலக்கமும் சில ஓடர்களில் 07 என்றும், சிலவற்றில் +94 என்றும், சிலவற்றில் இடைவெளி விட்டும் எழுதப்பட்டிருந்ததால் பட்டியலில் பார்க்கும்போது ஒன்றாகத் தெரியவில்லை. பொதிகளை எடுத்துக்கொடுக்கும் தங்கைதான், "அக்கா, பேர் எல்லாம் வேற வேற, ஆனா வந்து எடுக்கிறது ஒரே ஆள்தான்" என்று சொன்னாள். இலக்கங்களை ஒரே வடிவத்துக்கு மாற்றி எண்ணிப் பார்த்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட ஓடர்கள் ஒருவருடையவை. அந்த ஒருவரால் மட்டும் நட்டம் 13,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. அவர் அந்த மாவைத் தம் கடையில் முழு விலைக்கு விற்கிறார் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

15ஆம் திகதியோடு குறியீடு முடிந்திருந்தால் நட்டம் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் மூன்றாவது நிபந்தனையின் கதை. வூகொமர்ஸில் `Coupon expiry date` என்ற இடத்தில் 15ஆம் திகதியை இட்டால், குறியீடு 15ஆம் திகதி முடிவில் அல்ல, அந்த நாள் பிறக்கும் நள்ளிரவிலேயே காலாவதியாகிவிடும். அது போதாதென்று, தளத்தின் நேர வலயம் `UTC` ஆகவே விடப்பட்டிருந்தது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்பதால், எங்கள் குறியீடு 15ஆம் திகதி அதிகாலை 5.30க்குச் செத்துப்போயிற்று. துண்டுப்பிரசுரத்தில் "15ஆம் திகதி வரை" என்று படித்தவர்கள் அன்று முழுவதும் தொலைபேசியில் கோபித்துக்கொண்டார்கள். நாங்கள் நிறுவனத்துக்கு முறையிட்டோம். அவர்கள் திகதியைத் திருத்தாமல், காலாவதித் திகதியையே அழித்துவிட்டு "இப்ப சரி" என்று செய்தி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்தக் குறியீட்டுக்கு முடிவே இல்லாமல் போயிற்று. சரியான முறை, `Settings` பகுதியில் நேர வலயத்தை `Colombo` என்று மாற்றி, காலாவதியாக 16ஆம் திகதியை இடுவது மட்டுமே.

இதையெல்லாம் எடுத்துக் காட்டியபோது நிறுவனத்தின் பதில், "ஒருவருக்கு ஒருக்கா எண்டுதானே கேட்டனீங்கள், அதைத்தான் போட்டுத் தந்திருக்கிறம்" என்பதாக இருந்தது. முதல் ஓடர் நிபந்தனைக்குத் தனிக் கட்டணம் வேண்டும் என்றும் கேட்டார்கள். பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பினோம். அதன் பிறகு பதில் இல்லை.

பிறகு வேறொரு தம்பி வந்து திருத்தித் தந்தார். மின்னஞ்சலை நம்பாமல் தொலைபேசி இலக்கத்தை அடையாளமாகக் கொள்வதே அவர் செய்த முதன்மையான மாற்றம். பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் எங்கள் வியாபாரத்தில் கூரியர்காரர் அழைத்தால் எடுக்கும் இலக்கமாக அது இருந்தே ஆகவேண்டும் என்பதால், பொய்யான மின்னஞ்சலைத் தருபவரும் பொய்யான இலக்கத்தைத் தருவது குறைவு. ஓடர் பதிவாகுமுன் `woocommerce_checkout_posted_data` என்ற இடத்தில் இடைவெளிகளையும் கோடுகளையும் நீக்கி, +94, 94, 0094 என்று தொடங்கும் இலங்கை இலக்கங்களை 0 என்று தொடங்கும் பத்து இலக்கமாக மாற்றினார். பழைய ஓடர்களில் இருந்த இலக்கங்களையும் ஒருமுறை அப்படியே மாற்ற வேண்டியிருந்தது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இங்குள்ள உறவினர்களுக்கு வாங்கி அனுப்புபவர்களின் இலக்கங்களை அவர் தொடவில்லை. அதன் பின் வரும் சோதனை இவ்வளவுதான்; அதில் `puthu500` என்பது எங்கள் கழிவுக் குறியீடு:

```php
add_action( 'woocommerce_after_checkout_validation',
function ( $data, $errors ) {
  if ( ! WC()->cart->has_discount( 'puthu500' ) ) return;
  $old = wc_get_orders( array(
    'billing_phone' => $data['billing_phone'],
    'status' => array( 'wc-processing', 'wc-on-hold', 'wc-completed' ),
    'limit'  => 1,
    'return' => 'ids',
  ) );
  if ( $old ) $errors->add( 'coupon',
    'இந்தக் கழிவு முதல் ஓடருக்கு மட்டுமே.' );
}, 10, 2 );
```

தொலைபேசி இலக்கப் பெட்டி கட்டாயமாக நிரப்ப வேண்டியதாக இருக்க வேண்டும். வெறுமையாக விட அனுமதித்தால் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை. இது பழைய வகைக் கொள்வனவுப் பக்கத்தில்தான் வேலை செய்யும். புதிய `Checkout` பிளொக் கொண்ட தளங்களில் இந்த இடம் அழைக்கப்படுவதே இல்லை, ஆகவே உங்கள் தளம் எந்த வகை என்று முதலில் கேளுங்கள். மேலும், இலக்கம் இறுதிப் படியில்தான் தெரியவரும் என்பதால், கூடையில் கழிவு விழுந்ததுபோல் காட்டி, ஓடரை உறுதிப்படுத்தும்போது மறுக்கும். அதை விளம்பரத்திலேயே எழுதிவிட்டால் கோபத் தொலைபேசிகள் குறையும்.

ஒரு வீட்டில் ஐந்து சிம் இருந்தால் ஐந்து முறை எடுக்கலாம். அதை எந்த நிரலாலும் முற்றாகத் தடுக்க முடியாது. ஆகவே மொத்த எல்லையை வெறுமையாக விடக்கூடாது. நாங்கள் இப்போது முதலில், இந்தக் கழிவுக்காக அதிகபட்சம் எவ்வளவு பணத்தை விடத் தயார் என்று முடிவு செய்கிறோம். 50,000 ரூபா என்றால் 500 ஆல் பிரித்து, `Usage limit per coupon` இல் 100 என்று இடுகிறோம். குறைந்தபட்சக் கொள்வனவை 2,500 ரூபா ஆக்கினோம். அதன்பின் ஒற்றைப் பைக்கற்று வித்தை நின்றுவிட்டது, உண்மையில் எல்லா மாற்றங்களிலும் உடனே பலன் தந்தது இதுதான். ஏற்கெனவே விலை குறைத்த பொருள்களோடும் மற்றக் குறியீடுகளோடும் சேராதிருக்க அதே பக்கத்தில் இரண்டு தெரிவுப் பெட்டிகள் உள்ளன, அவற்றையும் குறியிட்டோம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஓடர் `Cancelled` என்று மாற்றப்பட்டால், பயன்படுத்திய எண்ணிக்கையிலிருந்து ஒன்றை வூகொமர்ஸ் தானாகவே திருப்பிக் கொடுத்துவிடும். எங்களிடம் பொருள் இல்லாமல் நாங்களே இரத்துச் செய்யும்போது அது நியாயமானது. ஆனால் பொதியை வாசலில் மறுத்துத் திருப்பியனுப்பியவருக்கும் கழிவு மீண்டும் கிடைப்பது நியாயமில்லை. இருவழிக் கூரியர் பணமும் எங்களுடையதாயிற்றே. அத்தகைய ஓடர்களுக்கு `wc-thiruppu` என்று தனி நிலை ஒன்றை அந்தத் தம்பி உருவாக்கி, மேலேயுள்ள நிரலின் நிலைப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்.

இதே வேலைக்கு யாரிடமேனும் பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கடைசித் தவணையைக் கொடுக்குமுன் அவர்களை அருகில் வைத்துக்கொண்டு, முன்பு வாங்கிய ஒருவரின் இலக்கத்தை +94 வடிவில் எழுதி, புதிய மின்னஞ்சலோடு ஓர் ஓடர் கொடுத்துப் பாருங்கள். அது மறுக்கப்பட வேண்டும். பிறகு மொத்த எல்லையை 1 என்று மாற்றி, இரண்டு புதிய இலக்கங்களிலிருந்து இரண்டு ஓடர் கொடுங்கள். இரண்டாவது மறுக்கப்பட வேண்டும். காலாவதியை நாளைய திகதியாக இட்டுவிட்டு, இன்றிரவு பன்னிரண்டுக்குச் சற்று முன்னும் பின்னும் குறியீட்டை இட்டுப் பாருங்கள். முன்னர் செல்ல வேண்டும், பின்னர் செல்லக்கூடாது. அதற்குள் பணத்தைக் கேட்டு அவசரப்படுத்தினால் கொடுக்காதீர்கள்.