டர்பனில் ரெட் ஒயின் கேட்பவர்களுக்கு: முதலில் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள்

டர்பன் கடற்கரையோரம் ஒரு ஹோட்டல் உணவகம். பெயர் வேண்டாம். பிப்ரவரி மாதம், இரவுச் சாப்பாட்டுக்குப் போன ஒரு குடும்பம் மட்டன் கறியோடு பினோடாஜ் என்ற தென்னாப்பிரிக்க ரெட் ஒயின் இரண்டு கிளாஸ் கேட்டிருக்கிறது. வந்த ஒயின் வெதுவெதுப்பாக இருந்தது, மூக்கில் ஸ்பிரிட் நெடி ஏறியது. கேட்டதற்கு, "ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில்தான் கொடுக்கணும்" என்று பதில்.

இந்தச் சாக்கை நம்பாதீர்கள். அந்த "ரூம்" ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடு, சுமார் 16 முதல் 18 டிகிரி. டர்பனில் கோடைப் பகல் சாதாரணமாகவே 28 டிகிரியைத் தொடும். கவுன்டருக்குப் பின்னால், காபி மெஷினுக்கு மேலே உள்ள தட்டில் நிற்கும் பாட்டிலின் நிலையைச் சொல்லவே வேண்டாம். சூடு ஏறினால் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி, பழ வாசனையை அமுக்கிவிடும்.

வெறும் சூடு என்றால் சரிசெய்துவிடலாம். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுப் பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் 10 முதல் 15 நிமிடத்தில் 18 டிகிரிக்கு வந்துவிடும். வெறும் ஐஸ் போதாது. கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்பதால் பாட்டில் மெதுவாகத்தான் குளிரும். இவர்களுக்கோ வெயிட்டர் கிளாஸுக்குள்ளேயே இரண்டு ஐஸ் கட்டி போட்டார். அது ஒயினில் தண்ணீர் கலக்கும் வேலை.

குளிர வைத்த பிறகும் புளித்த காடி வாடையோ நகப்பூச்சு வாடையோ அடித்தால், பாட்டில் திறந்து பல நாள் ஆகியிருக்கலாம். 750 மில்லியில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். ஒன்றிரண்டு விற்று மீதியை அலமாரியிலேயே விட்டால், பாட்டிலுக்குள் புகுந்த காற்று ஒயினைக் கெடுக்கிறது. மூடி இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் ரெட் ஒயின் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். வெளியே இவ்வளவு தாங்காது, அதிலும் டர்பன் கோடையில்.

அந்தக் குடும்பம் பிறகு கேட்டு வாங்கிய புது பாட்டிலிலும் தக்கை மேலே தள்ளிக்கொண்டு, உறைக்குக் கீழே பிசுபிசுவென்று இருந்தது. உள்ளே இருந்த ஒயின் சூட்டில் விரிந்து கசிந்ததன் அடையாளம் அது. இப்படிச் சூடு பட்ட ஒயினில் வேகவைத்த பழ வாடை அடிக்கும். எத்தனை ஐஸ் வைத்தாலும் திரும்பாது. அதற்கும் முழு விலை போட்டார்கள்!

கிளாஸ் கணக்கில் கேட்கும்போது, "எப்ப திறந்தது? பாட்டிலை மேசைக்குக் கொண்டு வாங்க, முன்னாலேயே ஊத்துங்க" என்று சொல்லுங்கள். வந்ததும் கையால் தொடுங்கள். உங்கள் கையின் தோல் 30 டிகிரிக்கு மேல் இருக்கும், ஆகவே சரியான ரெட் ஒயின் பாட்டில் தொட்டவுடன் சில்லென்று படவேண்டும். படவில்லை என்றால் ஊற்றும் முன்பே ஐஸ் வாளி கேளுங்கள். தக்கை எழும்பியிருந்தால் திறக்கவே விடாதீர்கள். திறந்துவிட்டால் பில்லில் ஏறிவிடும்.