புக் செய்யும்போது ஒரு தொகை, இறங்கும்போது ஒரு தொகை: மூன்று கட்டண முறைகள், ஒரே பயணம்

தாம்பரத்திலிருந்து மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையத்துக்கு பைபாஸ் வழியாக டாக்சி செயலியில் கார் எடுத்தால் வழியில் வானகரம், சூரப்பட்டு என இரண்டு டோல்கேட் வரும். மாலை நேரம் என்றால் பீக் கட்டணமும் சேரும். செயலிகளைப் பெயரை வைத்து ஒப்பிடுவதைவிடக் கட்டண முறையை வைத்து ஒப்பிடுவதுதான் பயன் தரும். அப்படிப் பார்த்தால் மூன்றே வகை: புக் செய்யும்போதே தொகையைப் பூட்டிவிடுவது, ஓடிய தூரத்துக்கும் நேரத்துக்கும் கடைசியில் கணக்குப் போடுவது, ஒரு தொகையைக் காட்டிவிட்டு டிரைவரிடமே நேரில் கொடுக்கச் சொல்வது.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம்: அடிப்படை 60 ரூபாய், கிலோமீட்டருக்கு 14, நிமிடத்துக்கு 1.50, பீக் 1.3 மடங்கு, டோல் இரண்டும் சேர்த்து 100, காத்திருப்பு 6 ரூபாய், வரி உள்ளடக்கம். செயலியின் மதிப்பீடு 32 கி.மீ., 60 நிமிடம். நெரிசலால் உண்மையில் ஓடியது 36 கி.மீ., 85 நிமிடம்.

| | பூட்டிய கட்டணம் | ஓடியதற்குக் கணக்கு |
|---|---|---|
| பயணக் கட்டணம், பீக்குடன் | 777.40 | 898.95 |
| டோல் + காத்திருப்பு | 106 | 106 |
| மொத்தம் | 883.40 | 1,004.95 |

நெரிசல் நேரத்தில் பூட்டிய கட்டணமே மேல். ஆனால் சாலை காலியாக இருந்து வண்டி 40 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாலும் அதே 777.40தான். சீக்கிரம் வந்ததற்குக் கழிவை எதிர்பார்க்க முடியாது. பூட்டும் எப்போதும் நிற்காது. இடையில் ஒரு நிறுத்தம் சேர்த்தாலோ, இறங்குமிடத்தை மாற்றினாலோ, பாதை வெகுவாக விலகினாலோ தொகை மறுபடி கணக்கிடப்படும். இறங்குமிடத்தில் ‘மாதவரம்’ என்று மட்டும் போட்டு, வண்டியில் ஏறிய பிறகு “பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கண்ணா” என்று சொன்னால் பூட்டு அங்கேயே கழன்றுவிடலாம். வரைபடத்தில் இறங்குமிடக் குறியைச் சரியான வாசலில் வைத்த பிறகே புக் செய்யுங்கள்.

நேரில் கொடுக்கும் முறை வேறு ரகம். ஊபர் ஆட்டோ 2025 பிப்ரவரியில் இதற்கு மாறியது. திரையில் வரும் தொகை ஒரு பரிந்துரைதான். பணம் செயலி வழியாகப் போகாததால், கூடுதலாகக் கொடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். டோல் உள்ள தடத்தில் இந்த முறையில் கார் எடுத்தால், காட்டிய தொகையில் டோல் அடக்கமா என்பதை ஏறுவதற்கு முன்பே டிரைவரிடம் பேசி முடித்துவிட வேண்டும்.

ரசீதில் தவறு நடக்கும் இடங்களில் ஒன்று டோல் தொகை. பல செயலிகள் ஜிபிஎஸ்ஸில் வண்டி டோல்கேட்டைக் கடந்ததாகத் தெரிந்தவுடன் தொகையைத் தாமாகவே சேர்த்துவிடும். பக்கத்து சர்வீஸ் ரோட்டில் போனாலும் சில சமயம் ஏறிவிடுவதுண்டு. இன்னொரு தவறு இரட்டை வசூல்: செயலியும் சேர்த்திருக்கும், டிரைவரும் கையில் கேட்பார். பணம் கொடுப்பதற்கு முன் கட்டண விவரத்தைத் திறந்து டோல் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. தொகையிலேயே சந்தேகம் என்றால் ஃபாஸ்டேக் கழிந்ததும் டிரைவருக்கு வரும் எஸ்எம்எஸ்ஸைக் காட்டச் சொல்லலாம். அதில் டோல்கேட் பெயரும் நேரமும் இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் அதே டோல்கேட்டை 24 மணி நேரத்துக்குள் திரும்பக் கடந்தால் போக, வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். ஆகவே டிரைவருக்குத் திரும்பும் கடப்பில் பாதிதான் கழிந்திருக்கும். ரசீதில் முழுத் தொகை நிற்கலாம்.

காத்திருப்புத் தொகை சிறியது, ஆனால் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் சண்டை. பல செயலிகளில் டிரைவர் ‘வந்துவிட்டேன்’ என்று அழுத்தியதிலிருந்து, இலவச நிமிடங்கள் கழிந்ததும் ஓடும். சாலைக்கு எதிர்ப்புறம் நின்றே அழுத்திவிடுவதுண்டு. “எங்கே இருக்கீங்க?” என்று செயலியின் சாட்டிலேயே கேட்டுவிடுங்கள், நேரம் அதில் பதிவாகிவிடும். சிக்னலில் நின்ற நேரம் காத்திருப்பு ஆகாது. ஓடியதற்குக் கணக்கிடும் முறையில் அது நிமிடக் கட்டணத்துக்குள் போய்விடும்.

பீக் தொகை பூட்டிய கட்டணத்தில் தனி வரியாக வராமல் மொத்தத்தில் கரைந்துவிடும்; ரசீதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏற்றம் அடிப்படைக் கட்டணத்தில் 1.5 மடங்கைத் தாண்டக்கூடாது என்றது மத்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிமுறை. 2025இல் அதை 2 மடங்காக்கினார்கள். இந்த அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்க வேண்டியது மாநில அரசு. புக் செய்யும் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், இறுதித் தொகை எந்த வரியால் ஏறியது என்று கழித்துப் பார்த்துவிடலாம். புகார் செய்யும்போது ‘கட்டணம் அதிகம்’ என்று பொதுவாகப் போடாமல், டோல் அல்லது காத்திருப்பு என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒரு வரியின் தொகையை மட்டும் கேளுங்கள்.