புட் வாங்குவதா, கவர்டு கால் விற்பதா?

சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கப் பங்கு ஒன்றில் 100 பங்குகள் வைத்திருக்கிறீர்கள், விலை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆப்ஷன் ஒப்பந்தம் என்பது 100 பங்குகள்தான், கணக்கு எளிது. விலை விழுந்தால் காப்பாற்றும் என்று இரண்டு வழிகளைச் சொல்வார்கள்.

மூன்று மாதக் கெடுவில், 95 டாலருக்கு விற்கும் உரிமை தரும் புட் ஆப்ஷனைப் பங்குக்கு 3 டாலர் கொடுத்து வாங்கலாம். அல்லது 110 டாலருக்கு வாங்கும் உரிமையை இன்னொருவருக்குப் பங்குக்கு 2 டாலர் வாங்கிக்கொண்டு விற்கலாம். இதுதான் கவர்டு கால்.

கெடுவின்போது விலை 70 ஆனால், புட் வாங்கியவரின் மொத்த நஷ்டம் 800 டாலரோடு நின்றுவிடும். கால் விற்றவருக்கோ 2,800. வாங்கிய 200 டாலர் அந்த அடிக்கு ஒரு மெல்லிய மெத்தை, அவ்வளவுதான். கவர்டு காலைப் பாதுகாப்பு என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். விலை 130க்கு ஏறினால் புட்காரருக்கு 2,700 லாபம், கால்காரருக்கு 1,200தான். விலை பெரிதாக அசையாவிட்டால் மட்டும் கால் ஜெயிக்கிறது: 100லேயே நின்றால் 200 வரவு. புட்டுக்கு 300 செலவு.

புட்டில் தொல்லை விலைதான். காலாண்டு முடிவு வெளியாகும் நேரத்தில் பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை, வீங்கிவிடும், பயம் வந்தபிறகு வாங்கினால் கையைக் கடிக்கும். காலில் இன்னொரு சிக்கல்: பங்கு 110ஐத் தாண்டியிருக்கும்போது டிவிடெண்ட் தகுதி முடியும் எக்ஸ்-டிவிடெண்ட் நாள் வந்தால், உரிமை வாங்கியவர் அதற்கு முந்தைய நாளே பங்கை எடுத்துக்கொள்ளலாம். நாம் தூங்கும் நேரத்தில் சந்தை நடப்பதால், காலையில் கணக்கைத் திறந்தால்தான் பங்கு போனது தெரியும்.

விற்க மனமில்லாத பங்கின் மேல் கால் விற்காதீர்கள்.