கிரேடட் ரீடரா, மூல நாவலா, சொல் அட்டையா?

ஆங்கிலத்தில் ஏறக்குறைய 2,000 சொற்கள் தெரிந்தவர் சொல்வளம் பெருக்க மூன்று வழிகளில் ஒன்றைத் தேடுவார்: நாவலை நேரடியாகப் படிப்பது, சொற்களை அளவிட்டு எழுதிய கிரேடட் ரீடர்களைப் படிப்பது, அட்டையில் எழுதி மனப்பாடம் செய்வது.

முதலில் நாவல். துணையின்றிப் புரிந்து படிக்க, பக்கத்திலுள்ள சொற்களில் 98 விழுக்காடாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற ஆய்வாளர்களின் கணிப்பு. அதாவது 300 சொல் பக்கத்தில் ஆறு புதுச்சொற்கள்தான் இருக்கலாம். மூல நாவலில் இந்த நிலையை எட்ட எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும்; ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். 2,000 சொல்லோடு இறங்கினால் ஒரு பக்கத்தில் முப்பது சொல் வரை தடுக்கும். அகராதியைப் புரட்டுவதிலேயே அரைமணி போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அரிய சொல் நாவலில் பெரும்பாலும் ஒரே முறைதான் வரும். 'ஷி வாஸ் ரிலக்டன்ட் டு கோ' என்ற வரியில் 'ரிலக்டன்ட்' என்பதைப் 'பயந்தாள்' என்று ஊகித்தாலும் கதை ஓடிவிடும். 'மனமில்லாமல்' என்பதே பொருள் என்று திருத்த அந்தச் சொல் மறுபடி கண்ணில் பட வேண்டுமே!

கிரேடட் ரீடரின் பலம் இங்கேதான். ஆக்ஸ்ஃபோர்ட் புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 தலைச்சொற்களில் தொடங்கி, ஆறாம் நிலையில் 2,500 வரை போகிறது. சொல் குறைவு என்பதால் அதே சொல் வேறு வேறு சூழலில் திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஒரே புத்தகம் போதாது. 2003-ல் வெளியான வேரிங், டகாகி ஆய்வில், ஜப்பானிய மாணவர்கள் ஒரு கிரேடட் ரீடரைப் படித்தனர். சோதித்த 25 சொற்களில் உடனே சராசரியாக 4.6 சொல்லுக்குப் பொருள் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துச் சராசரியாக ஏறக்குறைய ஒரே ஒரு சொல்தான் நினைவில் நின்றது. வாரம் ஒன்று என ஒரே நிலையில் பல நூல்களை அடுத்தடுத்துப் படித்தால்தான், மறக்குமுன் சொல் மறுபடி எதிர்ப்படும்.

சொல்லையும் பொருளையும் இணைப்பதில் அட்டைதான் வேகம். ஆனால் ஒரு சொல் எதனோடு சேர்ந்து வரும் என்பதை அது காட்டாது. படிக்கும்போது இரண்டு மூன்று முறை தட்டுப்பட்ட சொல்லுக்கு மட்டும் அட்டை போடுங்கள்; வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் போட்டால் வாசிப்பே நின்றுவிடும்.

இந்த நிலையில் என் தேர்வு ரீடர்தான், துணைக்கு அட்டை. எந்த நிலை என்று அறிய, நடுப்பக்கத்தில் நூறு சொல்லை எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் தெரியாவிட்டால் ஒரு நிலை இறங்குங்கள்.

ரீடருக்கும் எல்லை உண்டு: 2,500-க்கும் 8,000-க்கும் நடுவே பெரிய பள்ளம். அதற்காகவே நேஷன் 4,000, 6,000, 8,000 சொல் அளவுகளில் பழைய நூல்களைத் தழுவி இலவசமாகத் தந்திருக்கிறார். ஆறாம் நிலை சரளமானதும் நாவலுக்குத் தாவாமல் 4,000-ஐ எடுங்கள்.