ஏற்றுமதிப் பிரசுரத்தை ஆங்கிலமாக்குவது: வரிக்கு வரியா, ஏஜென்சியா, கேட்டு எழுதுவதா?

பெரியமேட்டில் தோல் பர்ஸ் ஏற்றுமதி செய்பவர் ஒருவரின் தமிழ் பிரசுரம் இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: “மூன்று தலைமுறை அனுபவத்துடன், உலகத்தரமான பர்ஸ்களை நியாயமான விலையில், குறித்த நேரத்தில் அனுப்பி வருகிறோம். ஆண்டு உற்பத்தி 2,00,000.” இதை ஜெர்மனியில் ஒரு இறக்குமதியாளர் படித்துவிட்டு விலை கேட்டு எழுத வேண்டும்.

வரிக்கு வரி மொழிபெயர்த்தால் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் வாங்குபவர் தெரிந்துகொள்ள விரும்பும் எதுவும் அதில் இருக்காது. காற்புள்ளிகூட அப்படியே போய்விடும். 200,000 என்று பார்த்துப் பழகியவருக்கு 2,00,000 அச்சுப்பிழையாகத் தெரியும். பக்கத்தில் உள்ள விலையையும் சந்தேகப்படுவார்.

விளம்பர ஏஜென்சியிடம் கொடுத்தால் ஆங்கிலம் சரளமாக வரும். எனக்குள்ள பயம், கேட்காமலே சேர்க்கும் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற வரிகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோரிடம் ஆதாரமில்லாமல் இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு 2026 செப்டம்பர் 27 முதல் தடை. இறக்குமதியாளர் முதலில் கேட்பது அதற்கான சான்றிதழைத்தான்.

என் தேர்வு மூன்றாவது வழி: முதலாளியோடும் உற்பத்தி மேலாளரோடும் உட்கார்ந்து, கேட்டு, புதிதாக எழுதுவது. இதற்கு நேரம் பிடிக்கும், கட்டணமும் கூடும். ஆனால் ‘நியாயமான விலை’ என்ற இடத்தில் ‘விலை எஃப்ஓபி சென்னை’ என்று வரும்; சரக்கைக் கப்பலில் ஏற்றும்வரை செலவு யாருடையது என்பது வாங்குபவருக்குப் புரிந்துவிடும். ‘உலகத்தரம்’ போய், ஆட்டுத்தோல், கனம் 0.8 முதல் 1.0 மி.மீ., ஒரு டிசைனுக்குக் குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்பதெல்லாம் வரும்.

‘குறித்த நேரத்தில்’ என்பதைத்தான் விடாமல் துருவ வேண்டும். முதலாளி 45 நாள் என்பார். சமீபத்திய சில ஆர்டர்களில் சாம்பிள் ஒப்புதல் வந்த மின்னஞ்சலையும் சரக்கு கப்பலில் ஏறியதற்கான பில் ஆஃப் லேடிங் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60 நாள் ஆகியிருந்தால் ‘சாம்பிள் ஒப்புதலிலிருந்து 60 நாள்’ என்றே அச்சிடுங்கள். 45 என்று போட்டு ஆர்டர் பிடித்தால், முதல் கப்பலிலேயே பெயர் கெட்டுவிடும்.

மூன்று தலைமுறைக் கதையை வெட்டச் சொல்லமாட்டேன். அதைத் தொடங்கிய ஆண்டோடு கடைசிப் பக்கத்தில் வைத்தால் போதும். அந்தப் பகுதிக்கு நல்ல மொழிபெயர்ப்பே போதுமானது.

சோதனை விவரம் அப்படியல்ல. உடலில் படும் தோல் பொருட்களில் குரோமியம் 6 என்ற நச்சுப்பொருள் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் ஐரோப்பாவில் விற்க முடியாது. எனவே ஆய்வகத்தின் பெயர், அறிக்கை எண், தேதி மூன்றையும் போடுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்றால் அமெரிக்கருக்கு அது மே மாதம். அறிக்கை கையில் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிட்டு, மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள்.